கேன் செயலியின் தனியுரிமைக் கொள்கை: எண்ணும் இருப்பிடமும் எங்கே போகின்றன?

மதுரையில் தண்ணீர் கேன் வாங்கும் வீடுகளில் பெரும்பாலானவை இன்னும் ஒரு போன் அழைப்பிலேயே காரியத்தை முடித்துக்கொள்கின்றன. "அண்ணே, இரண்டு கேன், மாடியில் வைத்துவிடுங்கள்" என்றால் போதும். கடைக்காரரின் நோட்டில் செல்போன் எண் இருக்கும். "பச்சை கேட், வேப்பமரத்துக்குப் பக்கத்து மாடி" என்ற குறிப்பும் இருக்கும். அந்த நோட்டு கடை மேசையை விட்டு நகராது. கடைக்காரர் கொஞ்சம் துணிந்து ஒரு செயலி செய்து வைத்தால், அதே எண்ணும் அதே வாசலும் ஒரே நாளில் நாலைந்து நிறுவனங்களின் கணினிகளைத் தொட்டுவிடுகின்றன. அதை வாடிக்கையாளருக்குச் சொல்வதற்காகத்தான் தனியுரிமைக் கொள்கை என்ற பக்கம் இருக்கிறது.

சிறிய செயலிகளில் அந்தப் பக்கம் எப்படி உருவாகிறது என்பது ஊருக்குத் தெரிந்த ரகசியம். செயலி எழுதிய இளைஞர் வேறொரு பெரிய நிறுவனத்தின் கொள்கையை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி ஒட்டிவிடுகிறார். பிளே ஸ்டோரில் ஏற்ற ஒரு முகவரி கேட்கிறார்கள், கொடுத்தாயிற்று. உள்ளே இப்படி ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: "உங்கள் தனிப்பட்ட தகவல்கள் சேவையை மேம்படுத்தும் பொருட்டுச் சேகரிக்கப்படலாம்; தேவைப்படின் மூன்றாம் தரப்பினருடன் பகிரப்படலாம்." யார் சேகரிக்கிறார், எந்தத் தகவலை, யாரிடம் கொடுக்கிறார், எத்தனை நாளைக்கு என்ற நான்கு கேள்விகளில் ஒன்றுக்கும் இதில் விடை இல்லை. இதை எளிய தமிழில் மாற்றி எழுதித் தருமாறு ஒருவரிடம் கொடுத்தால் அவரால் முடியாது. வாக்கியத்துக்குள் விஷயம் இருந்தால்தானே எளிமையாக்க முடியும்?

ஆகவே எளிய கொள்கை எழுதும் வேலை செயலி உண்மையில் என்ன செய்கிறது என்று பார்ப்பதில்தான் தொடங்குகிறது. ஒரு கற்பனைச் செயலியை எடுத்துக்கொள்வோம். திருப்பாலை, ஆனையூர், கே.புதூர் பகுதிகளில் இருபது லிட்டர் கேன் போடும் ஒரு கடை. ஐந்தாறு பையன்கள், இரண்டு குட்டி யானை வண்டிகள். செயலி கேட்பது இரண்டே விஷயங்கள்: செல்போன் எண், வீடு இருக்கும் இடம். பெயர்கூடக் கட்டாயம் இல்லை. இவ்வளவு சின்னச் செயலிக்கு மறைக்க என்ன இருக்கப்போகிறது என்று தோன்றும். ஒரே ஒரு ஆர்டரைப் பின்தொடர்ந்தால் தெரியும்.

ஆனையூரில் ஒரு வீட்டில் செயலியைத் திறந்து எண்ணைப் போடுகிறார்கள். அந்த எண் கடையின் சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து ஓடிபி அனுப்பும் எஸ்எம்எஸ் நிறுவனத்துக்குப் போகிறது. யாருக்கு, எத்தனை மணிக்கு, எந்தச் செய்தி போனது என்ற பதிவு அந்த நிறுவனத்திடம் தங்கிவிடும். பிறகு வரைபடம் திறக்கிறது. அதைக் காட்டுவது கடை அல்ல, வரைபடச் சேவை தரும் வேறொரு நிறுவனம். எந்தப் பகுதியைப் பார்க்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாமல் படம் வராது. வரைபடத்தில் தங்கள் வாசல்மேல் இடம் குறிக்கும் முள்ளை வைத்து 'சரி' என்றதும் அந்தப் புள்ளி கடையின் சர்வரில் பதிவாகிறது. சர்வரோ கடையில் இல்லை. வாடகைக்கு எடுத்த கணினியாக மும்பையிலோ ஐதராபாத்திலோ இருக்கும். செயலி நடுவில் நின்றுபோனால் தெரிவிக்கும் கருவி ஒன்றைச் செயலி எழுதியவர் சேர்த்திருப்பார். அதுவும் போன் பற்றிய சில விவரங்களைத் தன் நிறுவனத்துக்கு அனுப்பும். கடைசியாக எண்ணும் புள்ளியும் கேன் போடும் பையனின் செல்போனில் வந்து நிற்கின்றன.

இந்தப் பாதையை ஒரு தாளில் வரைந்துகொள்ளாமல் கொள்கை எழுத உட்காரக்கூடாது என்பேன். பல கடைக்காரர்களுக்கு நடுவில் இருக்கும் இரண்டு மூன்று நிறுவனங்கள் இருப்பதே தெரியாது. ஆனால் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொறுப்பைக் கடைக்காரர் தலையில்தான் வைக்கிறது. அவருக்காக வேலை செய்யும் எஸ்எம்எஸ் நிறுவனத்தின் வழியாகக் கசிந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. சின்னக் கடை என்பதால் தானாக விலக்கும் கிடையாது. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. கேன் கடையிடம் யாரும் 250 கோடி கேட்கப்போவதில்லை, தவறின் அளவைப் பார்த்துத்தான் தொகை முடிவாகும். ஆனாலும் சட்டம் எந்தக் குற்றத்தை எல்லாவற்றிலும் பெரிதாக நினைக்கிறது என்பதை அந்த எண் காட்டுகிறது.

இந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல், அறிவிப்பு தொடர்பான முக்கியப் பகுதிகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும்படி கால அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. எந்தெந்தத் தகவல், ஒவ்வொன்றும் எதற்காக என்று பிரித்துச் சொல்ல வேண்டும். வேறு எந்தப் பத்திரத்தையும் புரட்டாமல் அதை மட்டும் படித்தாலே புரிய வேண்டும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதில் வேண்டுமானாலும் படிக்கும் வாய்ப்பு தரவேண்டும்; தமிழ் அதில் இருக்கிறது. ஆக, தமிழில் கொள்கை எழுதுவது இனி கடைக்காரரின் பெருந்தன்மையாக இருக்காது.

எண்ணிலிருந்து தொடங்குவோம். கேன் செயலியில் எண் இரண்டு வேலை செய்கிறது. கணக்கு உங்களுடையதுதான் என்று உறுதிசெய்வது ஒன்று; கேட் பூட்டியிருந்தால் பையன் கூப்பிடுவது இன்னொன்று. முதல் வேலை சர்வருக்கும் எஸ்எம்எஸ் நிறுவனத்துக்கும் நடுவிலேயே முடிந்துவிடும். சிக்கல் எல்லாம் இரண்டாவதில்தான். பையன் ஒருமுறை கூப்பிட்டுவிட்டால் அந்த எண் அவருடைய சொந்த செல்போனின் அழைப்புப் பட்டியலில் ஏறிவிடும். அவர் அதைச் சேமித்தால் வாட்ஸ்அப்பில் முகப்புப் படம்வரை தெரியக்கூடும். மறுநாள் காலை ஒரு பூங்கொத்துப் படத்துடன் "காலை வணக்கம் அக்கா" என்று செய்தி வரும். பெரும்பாலும் அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஆனால் தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு, தன் வாசலும் எண்ணும் ஒருசேரத் தெரிந்த ஒருவரிடமிருந்து அந்தச் செய்தி வருகிறது என்பதுதான் விஷயம்.

பெரிய நிறுவனங்கள் இதற்கு நடுவில் ஒரு பொது எண்ணை வைக்கின்றன. பையன் அந்த எண்ணைக் கூப்பிடுவார், அது உங்களுக்கு இணைத்துத் தரும். இருவருக்கும் மற்றவரின் எண் தெரியாது. அதற்கு நிமிடக் கணக்கில் பணம் கட்ட வேண்டும். ஒரு கேனுக்குச் சில ரூபாய் மிஞ்சும் தொழிலில் அது கட்டுப்படியாகாது. சில செயலிகள் எண்ணைத் திரையில் காட்டாமல் 'அழைக்க' என்ற பொத்தானை மட்டும் வைக்கின்றன. பார்க்க நன்றாக இருக்கும். பொத்தானை அழுத்தியதும் எண் அழைப்புப் பட்டியலில் வந்துவிடும் என்பதால் பயன் அதிகம் இல்லை. இந்த இடத்தில் "உங்கள் எண் பாதுகாப்பாக இருக்கும்" என்று எழுதுவது எளிது. உண்மையில் எழுத வேண்டியது இது:

"கேன் கொண்டுவருபவர் உங்களை அழைக்க நேர்ந்தால் உங்கள் எண் அவருடைய செல்போனில் பதிவாகும். அதை எங்களால் அங்கிருந்து அழிக்க முடியாது. ஆர்டர் விஷயம் தவிர வேறு எதற்கும் அவர் உங்களைத் தொடர்புகொள்ளக்கூடாது என்று அவரிடம் எழுதி வாங்கியிருக்கிறோம். மீறினால் கீழே உள்ள எண்ணில் எங்களிடம் சொல்லுங்கள். அழைப்பே வேண்டாம் என்றால் 'வாசலில் வைத்துவிடவும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்போது உங்கள் எண் அவருக்குப் போகாது."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். அப்படி ஒரு தேர்வு பழைய செயலியில் இருந்திருக்காது. கொள்கையை நேர்மையாக எழுத உட்கார்ந்தபோது, "முடியாது, முடியாது" என்றே போய்க்கொண்டிருக்கும் பத்தியைப் பார்த்துச் சங்கடப்பட்டு, வாடிக்கையாளருக்கு ஒரு வழியாவது இருக்கட்டும் என்று சேர்த்ததாகத்தான் இருக்கும். நிரல் எழுதுபவரும் கொள்கை எழுதுபவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பது இதனால்தான்.

அடுத்தது எண்ணை மாற்றுருவில் வைத்திருக்கிறோம் என்ற வாக்குறுதி. "உங்கள் எண்ணை நேரடியாகச் சேமிப்பதில்லை, யாராலும் படிக்க முடியாத குறியீடாக மாற்றியே சேமிக்கிறோம்" என்று சில கொள்கைகள் சொல்கின்றன. SHA-256 போன்ற ஒருவழிக் கணக்கில் எண்ணைப் போட்டு வரும் விடையை மட்டும் வைத்துக்கொள்வது இது. விடையிலிருந்து நேராக எண்ணுக்குத் திரும்ப இதுவரை யாருக்கும் வழி தெரியவில்லை என்பது உண்மை. ஆனால் இந்தியச் செல்போன் எண் பத்து இலக்கம். 6, 7, 8, 9 என்ற நான்கில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தம் இருக்கக்கூடிய எண்கள் 400 கோடி. மனிதருக்கு அது மலைப்பான தொகை, கணினிக்கு ஒன்றுமே இல்லை. எல்லா எண்களையும் அதே கணக்கில் போட்டு எந்த விடை பொருந்துகிறது என்று பார்த்துவிட்டால் முடிந்தது. விளையாட்டுக்கென்று வாங்கும் ஒரு கிராபிக்ஸ் அட்டை சில நொடிகளில் இதை முடித்துவிடும். ரகசியச் சாவி ஒன்றைக் கூடவே கலந்து, அந்தச் சாவியைத் தனியே பூட்டி வைத்தால்தான் இந்த மாற்றுருவுக்கு மதிப்பு. அதைச் செய்யாத செயலி "படிக்க முடியாது" என்று எழுதுவது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. கேன் செயலியைப் பொறுத்தவரை இந்தப் பேச்சே வேண்டியதில்லை. கடைக்கு எண் வேண்டும், படிக்கும் உருவில்தான் வேண்டும். அப்படியே சொல்லிவிடலாம்.

எண் இன்னொரு விதத்திலும் சதி செய்யும். இந்தியாவில் துண்டிக்கப்பட்ட செல்போன் எண்ணை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். கே.புதூரில் இருந்தவர் கோயம்புத்தூர் போய் எண்ணை மாற்றிவிட்டார் என்று வையுங்கள். பழைய எண் சில மாதம் கழித்து வில்லாபுரத்தில் ஒருவருக்குக் கிடைக்கிறது. அவர் அதே கேன் செயலியை இறக்கி எண்ணைப் போடுகிறார், ஓடிபி அவருக்கே வருகிறது, செயலி "மீண்டும் வருக" என்று சொல்லிப் பழையவரின் வீட்டுப் புள்ளியையும் பழைய ஆர்டர்களையும் விரித்து வைக்கிறது. ஊடுருவல் எதுவும் நடக்கவில்லை, கடவுச்சொல்லை யாரும் திருடவில்லை. எண்ணும் ஆளும் ஒன்று என்று செயலி நினைத்ததுதான் பிழை. தீர்வு சுலபம்: மூன்று மாதம் நுழையாத கணக்கில் யாராவது மறுபடி நுழைந்தால் பழைய முகவரியைக் காட்டாமல் புதிதாகக் கேட்க வேண்டும். கொள்கையில் ஒரே வரி: "90 நாளுக்கு மேல் செயலியைத் திறக்காவிட்டால், அடுத்த முறை உங்கள் வீட்டு இடத்தை மறுபடி கேட்போம், பழையதைக் காட்டமாட்டோம்." ஏன் என்றும் ஒரு வரி சேர்த்துவிட்டால் யாரும் எரிச்சல்பட மாட்டார்கள்.

இனி இருப்பிடம். இதுதான் கொள்கையில் பெரும்பகுதியைப் பிடிக்க வேண்டிய விஷயம். "உங்கள் இருப்பிடத்தைப் பெறுகிறோம்" என்ற வாக்கியம் ஏறத்தாழ ஒன்றையும் சொல்லவில்லை. எப்போது, எவ்வளவு துல்லியமாக என்ற இரண்டும் தெரியாமல் இருப்பிடத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வர முடியாது.

துல்லியத்தைப் பார்ப்போம். செல்போன் இடத்தை இரண்டு எண்களாகத் தருகிறது. மீனாட்சியம்மன் கோயிலை 9.9195, 78.1193 என்று குறிக்கலாம். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் அது சுமார் 11 மீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடும். வரிசை வீடுகள் உள்ள தெருவில் எந்த வாசல் என்றே சொல்லிவிடலாம். அதையே 9.92, 78.12 என்று இரண்டு இலக்கமாகச் சுருக்கினால் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான சதுரம். கோயிலும் அதைச் சுற்றிய கடைவீதிகளும் அதற்குள் அடங்கிவிடும், ஆளைப் பிடிக்க முடியாது. கேனை வாசலில் வைக்க நான்கு இலக்கம் தேவைதான். ஆனால் எந்தப் பகுதியில் எத்தனை கேன் விற்றது என்று கடைக்காரர் மாதக் கணக்குப் பார்க்க இரண்டு இலக்கமே போதும். ஆர்டர் முடிந்த பிறகும் நான்கு இலக்கத்தை எல்லாப் பழைய ஆர்டர்களோடும் ஒட்டி வைத்திருப்பது தேவையில்லாத சுமை. வீட்டுப் புள்ளி ஒரே இடத்தில் ஒரே முறை இருந்தால் போதும். பழைய ஆர்டர்களில் பகுதியின் பெயர் மட்டும் இருக்கட்டும்.

எப்போது என்பது அதைவிட முக்கியம். ஆண்ட்ராய்டில் துல்லியமான இடத்துக்கு ACCESS_FINE_LOCATION என்ற அனுமதி. செயலி மூடியிருக்கும்போதும் பின்னணியில் இடத்தை அறிய ACCESS_BACKGROUND_LOCATION என்று வேறோர் அனுமதி. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 இரண்டையும் பிரித்தது. 12-ஆவது பதிப்பில் துல்லியமாகவா, தோராயமாகவா என்று பயனரே தேர்ந்தெடுக்கும் வசதியும் வந்தது. கேன் வாங்குபவரின் செயலிக்கு இரண்டாவது அனுமதி எதற்கும் வேண்டியதில்லை. வீடு நடந்துபோவதில்லை. முதல் அனுமதியும் கணக்குத் தொடங்கும்போது ஒருமுறை வேண்டியிருக்கலாம். அதுகூட வேண்டாம் என்பவர் வரைபடத்தில் கையால் முள்ளை வைக்கலாம், அல்லது "பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச்சந்து, மூன்றாவது வீடு" என்று எழுதிக் கொடுக்கலாம். மதுரையில் முகவரி சொல்வதே அப்படித்தான்.

பிறகு ஏன் எத்தனையோ செயலிகள் எப்போதும் இடத்தைக் கேட்கின்றன? பாதிக் காரணம் சோம்பல். செயலி எழுதுபவர் சேர்த்துக்கொண்ட ஆயத்த நிரல் தொகுப்பு எதுவோ அதைக் கேட்கிறது, எடுக்க யாரும் மெனக்கெடவில்லை. மீதிக் காரணம் ஆசை: "பின்னால் எதற்காவது பயன்படும்." சட்டம் இந்த ஆசைக்கு ஓர் உதாரணம் சொல்லியே முட்டுக்கட்டை போட்டிருக்கிறது. மருத்துவ ஆலோசனைச் செயலி ஒன்று போனில் உள்ள தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது. பயனர் இரண்டுக்கும் 'சரி' என்கிறார். ஆலோசனை தர அந்தப் பட்டியல் தேவையில்லை என்பதால், அவர் சொன்ன 'சரி' ஆலோசனைக்கு வேண்டிய தகவலுக்கு மட்டுமே செல்லும் என்கிறது சட்டம். கேன் செயலி வாங்கும் பின்னணி இருப்பிடத்துக்கும் இதே கதிதான். பயனர் பொத்தானை அழுத்தியிருந்தாலும் அது ஒப்புதல் ஆகாது.

வாடிக்கையாளரின் இடம் இப்படி. பையனின் இடம் வேறு கதை. அவருடைய செயலி காலையிலிருந்து இரவுவரை அவர் எங்கே என்று அனுப்பிக்கொண்டே இருக்கும். "உங்கள் கேன் இன்னும் பத்து நிமிடத்தில்" என்று காட்ட அது வேண்டும். கொள்கைகள் வாடிக்கையாளரைப் பற்றி மட்டுமே பேசி இவரை மறந்துவிடுகின்றன. மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார், மாலையில் எந்தத் தெருவில் நின்றார், யார் வீட்டில் இரவு தங்கினார் என்பதெல்லாம் அந்தப் பதிவில் விழும். 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, ஓர் ஐரோப்பிய நாட்டில் 15 லட்சம் பேரின் பதினைந்து மாதச் செல்போன் நடமாட்டத்தைப் பெயரில்லாமல் எடுத்துப் பார்த்தது. மணிக்கு ஒரு பதிவு, அதுவும் செல்போன் கோபுரம் அளவுக்கு மட்டுமே துல்லியம். அப்படியிருந்தும் ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்ற நான்கு புள்ளிகள் தெரிந்தால் நூற்றுக்கு 95 பேரை அந்தக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்துவிட முடிந்தது. பெயரை நீக்கிவிட்டோம், ஆகவே கவலை இல்லை என்ற பேச்சு இடத் தகவலில் எடுபடாது. பையனுக்கென்று தனியே அரைப்பக்கம் கொள்கை வேண்டும். 'வேலை முடிந்தது' என்று அழுத்தியதும் இடம் அனுப்புவது நின்றுவிடும், அன்றைய பாதை ஆர்டர் தகராறு தீர்ந்ததும் பயன்பாட்டிலிருந்து நீங்கும் என்று அதில் இருக்க வேண்டும். அவரும் அதைப் படித்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

எண்ணும் இடமும் சேரும்போது மூன்றாவது தகவல் ஒன்று தானாகப் பிறக்கிறது. யாரும் அதைக் கேட்டு வாங்குவதில்லை, ஆகவே எந்தக் கொள்கையிலும் அது வருவதும் இல்லை. மூன்று நாளுக்கு ஒரு கேன் வாங்கும் வீடு இரண்டு வாரமாக வாங்கவில்லை என்றால் வீடு பூட்டியிருக்கிறது. வாரம் ஒரு கேன் வாங்கும் வீட்டில் வசிப்பது ஒருவர் அல்லது இருவர். திடீரென்று பத்துக் கேன் என்றால் விசேஷம், நகை வெளியே வந்திருக்கும். கடை நோட்டிலும் இது இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் நோட்டை வைத்துக்கொண்டு "ஆனையூரில் பத்து நாளாகக் கேன் வாங்காத வீடுகளைக் காட்டு" என்று கேட்க முடியாது. சர்வரில் அது ஒரு வரிக் கேள்வி, விடை வரைபடத்தோடு வரும். அதனால் ஆர்டர் வரலாற்றை யார் பார்க்க முடியும் என்பதைக் கொள்கை சொல்ல வேண்டும்: கடை உரிமையாளரும் கணக்குப் பார்ப்பவரும் மட்டும், பையன்களுக்கு அன்றைக்கு அவர்கள் போட வேண்டிய ஆர்டர் மட்டும், போட்டு முடித்ததும் அதுவும் திரையிலிருந்து போய்விடும்.

அழிப்பதைப் பற்றி எழுதும்போதுதான் நல்லெண்ணம் உள்ளவர்களே அதிகம் சறுக்குகிறார்கள். "கணக்கை நீக்கினால் எல்லாம் உடனே அழிந்துவிடும்" என்று மனமார எழுதிவிடுவார்கள். முதலாவதாக, தினமும் எடுக்கும் காப்புப் பிரதிகளில் அது சில வாரமாவது கிடக்கும். இரண்டாவதாக, கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி சர்வர் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். மூன்றாவதாக, 2025-இன் விதிகள் ஒருபடி மேலே போகின்றன: தனிநபர் தரவையும் அதைக் கையாண்ட பதிவுகளையும் குறைந்தது ஓர் ஆண்டு வைத்திருக்க வேண்டும், அரசு சட்டப்படி கேட்டால் தர வேண்டும், அதன் பிறகு அழிக்க வேண்டும். தனியுரிமைக்கான விதியே வைத்திருக்கச் சொல்வது விசித்திரம்தான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் இருக்கும் விதியை மறைத்து எழுத முடியாது. அந்த விதி நடைமுறைக்கு வந்தபின் நேர்மையான வாக்கியம் இப்படித்தான் இருக்க முடியும்:

"கணக்கை நீக்கச் சொன்னால் அன்றே உங்கள் எண்ணும் வீட்டு இடமும் எங்கள் கடைத் திரைகளிலிருந்து போய்விடும், அவற்றைப் பார்த்து யாரும் உங்களை அழைக்க முடியாது. சட்டம் கேட்பதால் ஒரு பிரதி பூட்டி வைக்கப்பட்டிருக்கும். கடைசி ஆர்டரிலிருந்து ஓர் ஆண்டு முடிந்ததும் அதையும் அழித்துவிடுவோம். எஸ்எம்எஸ் நிறுவனத்திடம் உள்ள ஓடிபி பதிவு அவர்கள் கணக்குப்படி அழியும்."

வைத்திருக்கச் சொல்லும் விதி கையில் இருக்கும் தகவலுக்குத்தான். கடை வாங்காத பின்னணி இருப்பிடத்தை யாரும் பூட்டி வைக்கச் சொல்ல முடியாது, யாரும் வந்து கேட்கவும் முடியாது. குறைவாக வாங்குவதுதான் இங்கே உண்மையான பாதுகாப்பு. நீக்கும் பொத்தான் அதற்கு அடுத்தபடிதான்.

நீக்குவது எவ்வளவு சுலபம் என்பதிலும் சட்டம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: ஒப்புதல் தந்தபோது எவ்வளவு சுலபமாக இருந்ததோ, திரும்பப் பெறவும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். இரண்டு தட்டில் சேர்ந்தவரை நீக்குவதற்கு மட்டும் மின்னஞ்சல் எழுதச் சொல்லக்கூடாது. பொறுப்பாகப் பதில் சொல்பவரின் தொடர்பு விவரமும், அவர் கவனிக்காவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் எப்படி முறையிடுவது என்பதும் அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர் சட்டத்தின் பார்வையில் குழந்தை; அப்பாவின் போனில் பிளஸ் டூ படிக்கும் மகன் கேன் சொன்னால் கணக்கு அப்பாவுடையதுதான். ஆனால் மகன் தன் எண்ணிலேயே கணக்குத் தொடங்கினால் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். ஒரு வரி போதும்.

கொள்கையில் எழுதியது செயலியில் நடக்கிறதா என்று வெளியிலிருந்தே ஓரளவு பார்க்கலாம். போனின் அமைப்புகளில் செயலியின் பெயரைத் தட்டி, அனுமதிகள் பட்டியலைப் பாருங்கள். வீட்டு இடம் மட்டும் என்று சொல்லும் செயலிக்கு 'எப்போதும் அனுமதி' என்ற தேர்வே அங்கு வரக்கூடாது. வந்தால் பின்னணி அனுமதியை நிரலில் கேட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஆண்ட்ராய்டு 12-இலிருந்து தனியுரிமைப் பலகை என்று ஒன்று இருக்கிறது. கடந்த 24 மணி நேரத்தில் எந்தச் செயலி எத்தனை மணிக்கு இடத்தைத் தொட்டது என்று அது காட்டும். நேற்று நீங்கள் கேனே சொல்லவில்லை, ஆனால் காலை ஆறு மணிக்கும் ஒன்பது மணிக்கும் கேன் செயலியின் பெயர் இருக்கிறது என்றால் கொள்கை பொய். பிறகு இடத்துக்கு அனுமதி மறுத்துவிட்டு ஆர்டர் செய்து பாருங்கள். எழுதிக் கொடுத்த முகவரியை ஏற்காமல் செயலி அடம்பிடித்தால், 'விருப்பம் இருந்தால் மட்டும்' என்ற வரி அலங்காரத்துக்கு இருக்கிறது. பிளே ஸ்டோரில் செயலியின் பக்கத்தில் தரவுப் பாதுகாப்பு என்ற பகுதியையும் கொள்கையோடு ஒப்பிடலாம். இரண்டையும் எழுதியது ஒரே கடைதான். அப்படியும் ஒன்றுக்கொன்று முரண்படுவது வாடிக்கை.

எழுதும் கடைக்காரருக்கு வேறு சோதனை. கொள்கையைக் கடைக்கு வரும் ஒரு வாடிக்கையாளரிடம் படிக்கக் கொடுத்து, புரிந்ததா என்று கேட்காமல், "நாளைக்கு உங்கள் எண் யார் யாரிடம் இருக்கும்?" என்று கேட்க வேண்டும். புரிந்ததா என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள். இந்தக் கேள்விக்கு "கடையில், கேன் போடும் தம்பியிடம், மெசேஜ் அனுப்பும் கம்பெனியில்" என்று விடை வந்தால் பக்கம் தேறிவிட்டது.

செயலி ஓடத் தொடங்கிச் சில மாதங்களில் உண்மையான சோதனை வரும். கடைக்காரரின் மைத்துனர் ஆர்.ஓ. கருவி விற்பனை தொடங்குவார். தண்ணீர் வாங்கும் வீடுகளின் எண்ணும் முகவரியும் கையில் இருக்கும்போது அவருக்கு வேறு என்ன வேண்டும்? தேர்தல் நெருங்கினால் வார்டு வாரியாக எண் பட்டியல் கிடைக்குமா என்று தெரிந்தவர் மூலமாக யாராவது கேட்பார்கள். இடப்புள்ளி இருப்பதால் வார்டு பிரிப்பது ஐந்து நிமிட வேலை. கேன் போடுவதற்காக வாங்கிய ஒப்புதல் இந்த இரண்டுக்கும் செல்லாது. மைத்துனருக்காவது ஒரு வழி இருக்கிறது: செயலியில் தனியாக ஒரு கேள்வி வைத்து, 'வேண்டாம்' என்பவருக்கும் கேன் வழக்கம்போல் வரும் என்று எழுதி, 'சரி' என்றவர்களின் எண்ணை மட்டும் கொடுக்கலாம். வார்டு பட்டியல் கேட்பவருக்குக் கொள்கையின் அந்த வரியைக் காட்டி அனுப்ப வேண்டியதுதான்: "உங்கள் எண்ணையும் இடத்தையும் கேன் போடும் வேலைக்கு வெளியே யாருக்கும், பணத்துக்கோ பழக்கத்துக்கோ, கொடுக்கமாட்டோம்."